‘இது இங்க வரும்’ என்றால் எது, எங்கே?

“இதைவிட இது சின்னது, பாருங்க. அப்போ இது இப்படி நகரும், இது இங்க வரும்.” வரிசைப்படுத்தும் அல்காரிதங்களைக் கற்பிக்கும் எந்தக் காணொளிப் பாடத்திலும் இப்படியொரு பேச்சு இருக்கும். ஆசிரியரின் அம்புக்குறி திரையில் ஓடுகிறது. குரலும் அம்பும் சேர்ந்து வரும்போது பாடம் புரிந்துவிடுகிறது. காது கேளாத மாணவிக்கோ அந்தக் குரல் கிடையாது. அவருக்குத் திரையின் அடியில் தமிழில் ஓடும் இரண்டு வரிகள்தான் ஆசிரியர். அங்கே போய் ‘இதைவிட இது சின்னது’ என்று எழுதி வைத்தால், அவர் வரியைப் படித்துவிட்டு நிமிர்வதற்குள் அம்பு வேறிடம் போயிருக்கும்.

அதனால் இந்த வகைப் பாடத்துக்கு வரி எழுதுபவர், பேசியதை அப்படியே இறக்கிவைத்தால் போதாது. ஒவ்வொரு ‘இது’வுக்கும் பதிலாக எண்ணை எழுத வேண்டும். அதற்கு முதலில் அல்காரிதத்தைத் தன் கையால் ஒருமுறை நடத்திப் பார்த்திருக்க வேண்டும். கணிதம் தெரிந்தவர்களே இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும், ஆனால் அவை கட்டாயம் வேண்டும்.

எளிமையான இன்செர்ஷன் சார்ட்டையே எடுத்துக்கொள்வோம். பட்டியலின் இடப்பக்கத்தை எப்போதும் வரிசையாக வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணைக் கையில் எடுத்து, அதற்குரிய இடத்தில் செருகுவதுதான் முறை. பட்டியல் 29, 12, 35, 7, 18 என்று இருக்கட்டும். முதலில் 12-ஐ எடுக்கிறோம். 29 அதைவிடப் பெரியது என்பதால் வலப்பக்கம் நகர்கிறது. 12 முன்னால் வந்து உட்காருகிறது. அடுத்தது 35. அதன் இடப்பக்கத்தில் இருக்கும் 29 பெரியதல்ல, எனவே எதுவும் நகரவில்லை. அடுத்தது 7. 35, 29, 12 மூன்றுமே பெரியவை. மூன்றும் நகர்ந்து முதலிடம் 7-க்குக் கிடைக்கிறது. கடைசியாக 18. இந்தக் கட்டத்துக்கான வரிகள் கோப்பில் இப்படி இருக்கலாம்:

```
14
00:03:10,000 --> 00:03:13,000
கையில் 18. இடப்பக்கம் 35.
35 பெரியது, நகர்கிறது.

15
00:03:14,500 --> 00:03:17,000
அடுத்து 29.
அதுவும் பெரியது, நகர்கிறது.

16
00:03:18,500 --> 00:03:22,000
அடுத்து 12. பெரியதல்ல.
இங்கே நிறுத்தி 18-ஐச் செருகு.
```

இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒன்றரை நொடி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஆசிரியர் அப்போதும் பேசிக்கொண்டிருப்பார். எழுதுபவர் வேண்டுமென்றேதான் இடம் விட்டிருக்கிறார். எண்கள் நகர்வதைப் பார்க்கவும் அதே கண்கள்தானே வேண்டும். பேச்சின் ஒவ்வொரு சொல்லையும் வரியில் ஏற்றினால் பார்ப்பவர் வரிகளை மட்டும் படித்து முடிப்பார், படத்தைத் தவறவிடுவார்.

வரியை எங்கே முறிப்பது என்பதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் ஆம், இல்லை என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். ‘29 என்பது 35-ஐவிடப் பெரியது அல்ல’ என்பது இரண்டு காட்சிகளாக முறிந்து, ‘29 என்பது 35-ஐவிடப் பெரியது’ என்பது மட்டும் மூன்று நொடி திரையில் நின்றால், அந்த மூன்று நொடியும் பாடம் பொய் சொல்கிறது. ‘அல்ல’ அடுத்த காட்சியில் வருவதற்குள் மாணவர் குழம்பி, காணொளியைப் பின்னோக்கி ஓட்டியிருப்பார். ஒப்பிடும் வாக்கியம் எதுவானாலும் ஒரே காட்சிக்குள் தொடங்கி முடிய வேண்டும். அதற்காக வாக்கியத்தை இரண்டாகப் பிரிப்பதிலும் தவறில்லை.

சுருக்கி எழுதும்போதுதான் பெரிய ஆபத்து வருகிறது. வரியின் நீளத்துக்கு வரம்பு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்துக்குறிகள் என்பது பரவலான அளவு. தமிழில் அது இன்னும் நெருக்கடி, ஏனென்றால் பல மென்பொருள்கள் புள்ளியையும் கொம்பையும் தனித்தனிக் குறிகளாக எண்ணுகின்றன. ‘ஒப்பிடுகிறோம்’ நமக்கு ஏழு எழுத்து, அவற்றுக்குப் பதின்மூன்று. எனவே எழுதுபவரின் கை சொற்களைக் குறைக்கவே பார்க்கும். ‘பெரியதல்லாத எண்ணைக் கண்டதும் நிறுத்து’ என்று ஆசிரியர் சொன்னதை ‘சிறிய எண்ணைக் கண்டதும் நிறுத்து’ என்று மாற்றத் தோன்றும். குட்டையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. மேலே பார்த்த ஐந்து எண்களில் இந்த விதியை நடத்தினாலும் அதே விடைதான் வரும். ஆனால் அது வேறொரு அல்காரிதம்.

சமமான எண்கள் வரும்போது இது தெரியும். பெயர் வரிசையில் அமுதா 72, கண்ணன் 65, செல்வி 72 என்று ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. அதை மதிப்பெண்படி ஏறுமுகமாக அடுக்க வேண்டும். கண்ணன் முன்னால் வந்துவிடுகிறார். இப்போது கையில் செல்வியின் 72, இடப்பக்கம் அமுதாவின் 72. ஆசிரியரின் விதிப்படி, அமுதாவின் எண் பெரியதல்ல, எனவே நிறுத்து. செல்வி இருந்த இடத்திலேயே இருப்பார். சுருக்கிய விதிப்படி, அமுதாவின் எண் சிறியதல்ல, எனவே நிறுத்தாமல் அதை நகர்த்து. செல்வி அமுதாவைத் தாண்டி முன்னே போய்விடுவார். மதிப்பெண்கள் 65, 72, 72 என்று சரியாகவே நிற்கும், ஆனால் சமமானவர்களுக்குள் இருந்த பெயர் வரிசை கலைந்துவிடும். சமமானவற்றின் பழைய வரிசையைக் காப்பாற்றும் முறையை ‘நிலையான’ வரிசைப்படுத்தல் என்பார்கள். அந்தப் பண்பு ஒரே சொல்லில் தொங்குகிறது. பாடத்தின் பிற்பகுதியில் ஆசிரியர் ‘இது நிலையானது’ என்று சொல்லும்போது, வரிகளை மட்டும் நம்பிய மாணவருக்கு அது பொருந்தாமல் போகும். ஏன் என்று அவரால் கண்டுபிடிக்கவும் முடியாது. இடம் போதாவிட்டால் ‘சமம் அல்லது சிறியது வந்தால் நிறுத்து’ என்று எழுதலாம்.

பாடத்தின் முடிவில் வரும் தொகுப்புரைக்கு இதற்கு நேர்மாறான அணுகுமுறை வேண்டும். திரையில் எதுவும் நகராது, எனவே வரிகள் ஐந்தாறு நொடி நிற்கலாம், முழு வாக்கியமாகவும் இருக்கலாம். இன்செர்ஷன் சார்ட் பாடத்துக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

```
முன்பே வரிசையாக உள்ள
1000 எண்களுக்கு 999 ஒப்பீடுகள் போதும்.

நேர் தலைகீழாக இருந்தால்
4,99,500 ஒப்பீடுகள் தேவை.

மெர்ஜ் சார்ட்டில் எப்படி இருந்தாலும்
10,000-க்குள் முடியும்.

இன்செர்ஷன் சார்ட் நிலையானது:
சமமானவை இடம் மாறுவதில்லை.
```

‘மெதுவானது’, ‘வேகமானது’ என்ற சொற்களை இங்கே நான் தவிர்ப்பேன். இன்செர்ஷன் சார்ட்டை மெதுவானது என்று மட்டும் எழுதினால், 999 ஒப்பீட்டில் முடியும் அந்த முதல் வரியை மாணவர் மறந்துவிடுவார். 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தான் மொழிக்காக எழுதிய டிம்சார்ட், ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைத் தேடிப் பயன்படுத்துகிறது. துண்டு மிகக் குட்டையாக இருந்தால் அதை இன்செர்ஷன் சார்ட் முறையில் நீட்டிக்கொண்டு, பிறகு மெர்ஜ் செய்கிறது.

எழுதி முடித்த கோப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. படத்தையும் ஒலியையும் மூடிவிட்டு, பாடத்தைப் பார்த்திராத ஒருவரிடம் வரிகளை மட்டும் கொடுத்து, தாளில் எண்களை நகர்த்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு கோடு போடட்டும். நம் ஐந்து எண்களுக்கு 12-க்கு ஒன்று, 35-க்கு ஒன்று, 7-க்கு மூன்று, 18-க்கு மூன்று என எட்டுக் கோடுகள் வர வேண்டும். ஏழு வந்தால் எங்கோ ஒரு ஒப்பீடு வரியில் ஏறவில்லை. பிறகு இரண்டு 72 உள்ள பட்டியலைக் கொடுத்து, அதே வரிகளின்படி அடுக்கச் சொல்லுங்கள். செல்வி முன்னால் வந்தால், விதியைச் சொல்லும் வரிக்குத் திரும்பிப் போய் அதை மாற்றி எழுத வேண்டும்.