மதிப்பெண் தாளில் எடை

கல்லூரித் தொழில் யோசனைப் போட்டி ஒன்றின் விதி ஸ்லைடுகளில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பிரச்சினை 20, தீர்வு 30, வருமான வழி 30, பேச்சு 20. ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் வேலை, எடைகளைக் கூட்டி 100 வருகிறதா என்று பார்ப்பது. ஒரு ஸ்லைடைத் திருத்தி இன்னொன்றை மறந்திருப்பார்கள். வேறுபட்டால் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள், நீங்களே சரிசெய்யாதீர்கள்.

நடுவர் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போடட்டும். அதை 5ஆல் வகுத்து எடையால் பெருக்க வேண்டும். ஓர் அணி 4, 3, 2, 5 வாங்குகிறது. இன்னொன்று 4, 4, 4, 2. வெறுமனே கூட்டினால் இரண்டுக்கும் 14. எடை சேர்த்தால் முதல் அணிக்கு 66, இரண்டாவதற்கு 72. நன்றாகப் பேசிய அணியை வருமானக் கணக்குள்ள அணி முந்திவிடுகிறது. விதி கேட்டதும் அதைத்தான்.

நேர வரம்பை இதில் கலக்கக் கூடாது. அது தனி வரி. எத்தனை மதிப்பெண் குறையும் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும்.

எண்ணைவிட முக்கியம் அதன் விளக்கம். வருமான வழியில் 1 என்றால் யார் பணம் தருவார் என்றே சொல்லவில்லை; 3 என்றால் விலை சொன்னார்கள், செலவு சொல்லவில்லை; 5 என்றால் இரண்டையும் சொல்லி, வாங்குபவரிடம் விசாரித்தும் வந்திருக்கிறார்கள். இது இல்லாத தாளில் ஒரே அணிக்கு ஒரு நடுவர் 2, இன்னொருவர் 5 போடுவார்.