முதல் கடிதம்

சென்ற மாதம் என் அக்கா மகன் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். நண்பன் ஒருவனோடு சேர்ந்து புதிதாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருக்கிறான். கோவையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் கம்ப்ரஸர் காற்று எங்கே கசிகிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடித்துத் தரும் வேலை. நாற்பது ஆலைகளுக்கு அனுப்ப அறிமுகக் கடிதம் எழுதியிருந்தான். “ஒரு தடவை படிச்சுப் பாருங்க மாமா” என்றான்.

நான் இருபது வருடங்களுக்கு மேல் ஆலை மெயின்டனன்ஸில் இருந்தவன். இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேஜைக்கு வாரத்துக்கு நாலைந்து வரும். ஆகவே அவன் மாமாவாக இல்லாமல், அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவனாகவே படித்தேன்.

முதல் பத்தி நிறுவனத்தின் நோக்கம், இரண்டாவது பத்தி தரத்தில் சமரசம் இல்லாத சேவை. மூன்றாவது பத்தியில்தான் விஷயம் வந்தது: “எங்கள் சேவையால் உங்கள் மின்கட்டணத்தில் 30 சதவீதம் சேமிப்பு உறுதி.” கடைசி வரி, “தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறோம்.”

அந்த 30 சதவீதத்தில் விரலை வைத்தேன். நூற்பாலையின் மின்கட்டணத்தில் மிகப் பெரிய பங்கு ரிங் ஃப்ரேம்களின் மோட்டார்களுக்குப் போகிறது. கம்ப்ரஸருக்குப் போவது அதில் சிறு பகுதிதான். கம்ப்ரஸர் அறையையே பூட்டிவிட்டாலும் 30 சதவீதம் மிச்சமாகாது. இதை ஆலைப் பொறியாளர் யாரும் ஒரு நொடியில் கண்டுகொள்வார். அந்த நொடியிலேயே கடிதம் குப்பைக்கூடைக்குப் போய்விடும், நல்ல வேலை தெரிந்த இரண்டு பையன்களும் அதோடு போய்விடுவார்கள்.

“அப்போ எவ்வளவுன்னு போடறது மாமா?” என்றான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம்.

நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்று தரும் ஒரு கம்ப்ரஸரை எடுத்துக்கொள்வோம். 7 பார் அழுத்தத்தில் அது முழு லோடில் ஓட ஏறத்தாழ 60 கிலோவாட் வேண்டும். விடுமுறை நாளில் ஆலையின் எல்லா இயந்திரங்களும் நிற்கின்றன, காற்று வால்வுகள் மட்டும் திறந்திருக்கின்றன. யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை. அப்படியிருந்தும் கம்ப்ரஸர் 2 நிமிடம் லோடில் ஓடி, 8 நிமிடம் அன்லோடில் நின்று, திரும்பவும் லோடுக்குப் போகிறது என்றால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் அது கசிவை ஈடுகட்டவே உழைக்கிறது. கம்ப்ரஸர் தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு 2 கன மீட்டர், வீணாகிறது.

60 கிலோவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு 12 கிலோவாட் மிச்சம் என்று எழுதத் தோன்றும். அதுவும் தவறு. அன்லோடில் இருக்கும் கம்ப்ரஸரின் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முழு லோடில் இழுக்கும் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அப்போதும் இழுக்கும். ஆகவே லோடுக்கும் அன்லோடுக்கும் உள்ள வித்தியாசம் 40 கிலோவாட். அதில் ஐந்தில் ஒன்று 8 கிலோவாட். எல்லாக் கசிவையும் அடைத்துவிட முடியாது, பாதியை அடைத்தால் 4 கிலோவாட். நாளுக்கு 96 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 23,000 ரூபாய்.

30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொகை சிறியதாகத் தெரியும். ஆனால் பொறியாளர் இதை நம்புவார். கணக்கின் ஒவ்வொரு படியும் அவருக்குத் தெரிந்தது. ஒரே ஒரு நாள் வேலைக்கு மாதாமாதம் இவ்வளவு மிச்சம் என்றால், தன் மேலதிகாரியிடம் அவரே எடுத்துச் சொல்லவும் முடியும்.

அடுத்து, கடிதம் யாருக்குப் போக வேண்டும்? அவன் எல்லாக் கடிதத்தையும் நிர்வாக இயக்குநர் பெயருக்குப் போட்டிருந்தான். அங்கிருந்து அது பர்ச்சேஸுக்கு இறங்கும். பர்ச்சேஸில் இருப்பவருக்குக் காற்றுக் கசிவு ஒரு பிரச்சினையே இல்லை. கேட்காத சேவைக்குக் கொட்டேஷன் வாங்க அவருக்குக் காரணமும் இல்லை. இரவில் கம்ப்ரஸர் நின்றால் போன் போவது மெயின்டனன்ஸ் மேலாளருக்கு. மாதக் கூட்டத்தில் யூனிட் கணக்குக்குப் பதில் சொல்பவரும் அவர்தான். கடிதம் அவருக்குத்தான் போக வேண்டும், பெயர் தெரிந்து எழுதினால் இன்னும் நல்லது. ஆலையின் தொலைபேசியில் கேட்டாலே பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கடிதத்தை மாற்றி எழுதினோம். ஆலைகளுக்கு ஆங்கிலத்தில்தான் போயிற்று. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“ஐயா, வணக்கம்.

தங்கள் ஆலையில் ஆட்டோகோனர்கள் ஓடுவதாக அறிகிறோம். ஸ்ப்ளைசர்களுக்குக் காற்று போகும் பைப்லைன்களிலும் ட்யூப் இணைப்புகளிலும் உள்ள கசிவுகளை, இயந்திரத்தை நிறுத்தாமல் அல்ட்ராசோனிக் கருவியால் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு இடத்திலும் எண் போட்ட அட்டை கட்டி, எது பெரிய கசிவு என்ற வரிசையில் பட்டியல் தருவோம். அடைக்கும் வேலையைத் தங்கள் ஃபிட்டர்களே செய்துகொள்ளலாம். ஒரு மாதம் கழித்து வந்து மறுபடியும் அளந்து காட்டுவோம்.

தங்கள் ஆலையில் எவ்வளவு கசிகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அடுத்த விடுமுறை நாளில் தாங்களே பார்க்கலாம். இயந்திரங்கள் நின்றிருக்க, காற்று வால்வுகளைத் திறந்துவைத்து, ஒரே ஒரு கம்ப்ரஸரை ஓடவிட்டு, லோட் நேரத்தையும் அன்லோட் நேரத்தையும் ஐந்தாறு முறை குறித்துக்கொள்ளுங்கள். மொத்த நேரத்தில் லோட் நேரம் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் எங்கள் சேவை இப்போதைக்குத் தங்களுக்குத் தேவையில்லை. அதற்கு மேல் இருந்தால் பேசலாம். வி.எஃப்.டி. உள்ள கம்ப்ரஸருக்கு இந்த முறை பொருந்தாது. அதற்கு ஃப்ளோ மீட்டர் வேண்டும்.

எங்கள் நிறுவனம் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. நாங்கள் இருவர். ஒருவர் ஆறு ஆண்டுகள் கம்ப்ரஸர் சர்வீஸிலும், மற்றவர் ஐந்து ஆண்டுகள் ஆலை மெயின்டனன்ஸிலும் இருந்தவர்கள். இதுவரை இரண்டு ஆலைகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறோம். கட்டணம் நாள் கணக்கில்.

வரும் புதன் அல்லது வெள்ளி காலை 11 மணிக்கு 20 நிமிடம் ஒதுக்கித் தந்தால், கருவியோடு வந்து கம்ப்ரஸர் அறையிலேயே ஒரு கசிவைக் கண்டுபிடித்துக் காட்டுகிறோம். திங்கள் மாலை தங்களைத் தொலைபேசியில் அழைக்கிறோம்.”

இதில் நான் பிடிவாதமாக வைக்கச் சொன்ன வரி, “எங்கள் சேவை இப்போதைக்குத் தங்களுக்குத் தேவையில்லை” என்பது. அவனுக்கு அதில் தயக்கம். வேலை தேடிப் போகிறவன் வேண்டாம் என்று சொல்வதற்கான காரணத்தையும் தானே எடுத்துக் கொடுப்பானா என்று கேட்டான். படிப்பவர் அந்த வரியில்தான் நிற்பார் என்றேன். வாங்கு வாங்கு என்று சொல்லும் கடிதங்களுக்கு நடுவில், முதலில் அளந்து பாருங்கள் என்று ஒரு கடிதம் சொல்கிறது. அளந்து பார்க்க அவருக்குச் செலவில்லை. ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் போதும். அளந்து, கசிவு அதிகம் என்று தெரிந்த பிறகு வரும் தொலைபேசி அழைப்பை அவர் தொந்தரவாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான்கு மாத நிறுவனம் என்பதை மறைக்க வேண்டாம் என்பதும் அதே காரணத்துக்காகத்தான். வாடிக்கையாளர் பட்டியல் என்று முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் ஆலைகளையெல்லாம் முதல் கடிதத்தில் போட்டிருந்தான். ஆலைப் பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரு போன் போட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். செய்தது இரண்டு என்றால் இரண்டு என்றே எழுத வேண்டும். அந்த இருவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவைத்து, சந்திப்பின்போது எண்ணைத் தர வேண்டும்.

சந்திப்பு கேட்கும் பத்தியையும் மாற்றினோம். “தங்கள் மேலான பதில்” என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்ற சுமை படிப்பவர் தலையில் விழுகிறது. நாள், நேரம், எத்தனை நிமிடம், வந்து என்ன காட்டப்போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் அவர் சரி என்றோ வேறு நாள் என்றோ சொன்னால் போதும். அழைக்கிறோம் என்று எழுதினால் சொன்ன நேரத்தில் அழைத்தே ஆக வேண்டும். திங்கள் மாலை என்று எழுதிவிட்டு வியாழன் அழைப்பவர், வேலைக்கும் அப்படித்தான் வருவார் என்று நினைக்க இடம் கொடுக்கிறார்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. பதிவுச் சான்றுகளை அதில் அடுக்க வேண்டியதில்லை. ஆனால் சந்திப்பு நல்லபடி முடிந்தால், வெண்டராகப் பதிவுசெய்ய அன்றைக்கே கேட்பார்கள். பான் எண், வங்கிக் கணக்குக்கு ரத்து செய்த காசோலை, உத்யம் சான்று, ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதன் நகல், ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கான விபத்துக் காப்பீடு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அது இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்கக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்துக்கு இந்தச் சான்று சம்பளத் தேதியைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

நாற்பது ஆலைகளுக்கு ஒரே நாளில் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டு பேரால் வாரத்துக்கு நாலைந்து ஆலைகளுக்குத்தான் போய்வர முடியும். ஆட்டோகோனர் இருக்கிறதா, கம்ப்ரஸர் எந்த வகை என்று விசாரித்து, முதல் வரியை ஒவ்வோர் ஆலைக்கும் தனியாக எழுதி, வாரம் ஐந்தாக அனுப்பச் சொன்னேன். அப்படியே அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

புதிதாகத் தொழில் தொடங்கிக் கடிதம் எழுத உட்காரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உங்கள் தொழில் எதுவானாலும், அந்த மேஜையில் இருப்பவர் உங்களை நம்பாமலே, தன் கையால் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவு அதில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். உங்கள் கடிதத்தில் அது இரண்டாவது பத்தியில் இருக்கட்டும்.