தயிர்த் தெளிவில் ஒரு தூண்டுகோல்

ஒரு டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் சர்க்கரைதான் உண்டு. பால் குடித்தால் ரத்தச் சர்க்கரை கொஞ்சமே ஏறும். ஆனால், சுரக்கும் இன்சுலின் ஏறக்குறைய வெள்ளை ரொட்டி அளவுக்கு எகிறுகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2001-இல் இதைக் காட்டினார்கள். புளித்த பாலும் அப்படித்தான்.

காரணம் புரதம். தயிரில் தெளிந்து நிற்கும் நீரில் இருக்கிறதே, அந்தப் புரதம் சீக்கிரம் செரித்து, அதன் அமினோ அமிலங்கள் கணையத்தைத் தூண்டுகின்றன. குடல் ஹார்மோன்களும் கைகொடுக்கின்றன.

இரண்டாம் வகை நீரிழிவில் கணையம் இன்னும் ஓரளவு சுரப்பதால், சாப்பாட்டோடு உண்ணும், சர்க்கரை சேர்க்காத தயிரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த இன்சுலின் உதவியே. முதல் வகையினருக்கு இந்தத் தூண்டல் பலிக்காது. அவர்கள் பாலிலுள்ள அந்த 10 கிராமையும் ஊசி மருந்தின் கணக்கில் சேர்க்க வேண்டும்.