315 உருண்டை மஞ்சள், 32 சுருங்கிய பச்சை

இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரிலுள்ள மடத்துத் தோட்டத்தில் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்தார். முதலில் ஒரு பண்பை மட்டும் கவனித்தார். உருண்டை விதை தரும் செடியையும் சுருங்கிய விதை தரும் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டதும், காணாமல்போன சுருக்கம் திரும்பி வந்தது: 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இதுதான் ஒருபண்புக் கலப்பு.

அடுத்து விதையின் வடிவம், நிறம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். உருண்டை மஞ்சளையும் சுருங்கிய பச்சையையும் கலந்து கிடைத்த 15 செடிகள் 556 விதைகள் தந்தன. உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய பச்சை 32. வடிவமும் நிறமும் ஒன்றையொன்று சாராமல் பிரிந்தால் விகிதம் 9:3:3:1 ஆக இருக்கவேண்டும்.

இருக்கிறதா? அந்தக் கணக்குப்படி 312.75, 104.25, 104.25, 34.75 வரவேண்டும். வந்தவை சற்றே விலகியிருக்கின்றன. இந்த விலகல் தற்செயலா, கோட்பாட்டின் பிழையா என்று சொல்ல 1900இல் கார்ல் பியர்சன் தந்த கை வர்க்கச் சோதனை உதவுகிறது. ஒவ்வொரு வகையிலும் கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டவேண்டும். உருண்டை மஞ்சளில் வித்தியாசம் 2.25, அதன் வர்க்கம் 5.06, அதை 312.75ஆல் வகுத்தால் 0.016. மற்ற மூன்றையும் சேர்த்தால் மொத்தம் 0.47.

நான்கு வகை என்பதால் கட்டின்மைக் கூறு அதில் ஒன்று குறைவு, மூன்று. அதற்கு வழக்கமான 5 சதவீத அளவில் அட்டவணை சொல்லும் எல்லை 7.815. நம் விடை அதற்கு வெகு கீழே. எனவே 9:3:3:1ஐ நிராகரிக்கக் காரணம் இல்லை. அது நிரூபணம் ஆகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இன்னொரு தவறு, எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைப் போட்டுக் கணக்கிடுவது. அப்படிச் செய்தால் 556 விதையும் 100 விதைபோல ஆகிவிடும், விடை பொய்யாகும்.

கோட்பாடு தோற்கும் இடத்தில்தான் சோதனையின் பலம் தெரியும். இங்கிலாந்தில் பேட்சனும் புன்னட்டும் மணப்பட்டாணியில் பூநிறத்தையும் மகரந்த வடிவத்தையும் கலந்து பார்த்தார்கள். ஊதா நீளம் 284, ஊதா உருண்டை 21, சிவப்பு நீளம் 21, சிவப்பு உருண்டை 55. இதற்குக் கை வர்க்க மதிப்பைக் கணக்கிட்டால் சுமார் 134.7 வருகிறது! எல்லையோ அதே 7.815. பெற்றோரிடம் இருந்த ஊதா நீளம், சிவப்பு உருண்டை என்ற சேர்க்கைகளே எதிர்பார்த்ததைவிட அதிகம். அந்த இரு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.