பொதுச்சுவர் சாய்ந்தால் பக்கத்து வீட்டுக்கு எழுதும் கடிதம்

இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் காம்பவுண்டு சுவர் சாயத் தொடங்கினால் பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம். “பாதிப் பாதி போட்டுக் கட்டிரலாம்” என்று ஒருவர் சொல்கிறார், மற்றவரும் சரி என்கிறார். வேலை முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில்தான் எதில் பாதி என்ற கேள்வி எழுகிறது. இங்கிலாந்தில் பொதுச்சுவருக்கென்றே 1996-ல் ஒரு சட்டம் வந்துவிட்டது. எப்போது நோட்டீஸ் தர வேண்டும், செலவை யார் ஏற்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் வேலைக்கு முன்னால் இருவரும் எழுதி ஒப்புக்கொள்ளும் தாளுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

எழுத உட்காரும் முன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லை சொல்லும் இடத்தில் அந்தச் சுவர் “பொதுச்சுவர்” என்று இருக்கிறதா, உங்கள் சுவர் என்றோ அவர் சுவர் என்றோ இருக்கிறதா? முழுக்க அவர் இடத்தில் அவர் கட்டிய சுவருக்கு நீங்கள் பாதி தர வேண்டியதில்லை. உங்கள் சுவருக்கு அவரிடம் பாதி கேட்கவும் முடியாது. இரண்டு பத்திரமும் வேறு வேறாகச் சொன்னால் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, சர்வேயரை வைத்து அளந்த பிறகே செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்து, சுவர் ஏன் சாய்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். செலவைப் பிரிப்பதே அதைப் பொறுத்துத்தான். பாளையங்கோட்டையில் இரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். நடுச்சுவர் 42 அடி நீளம், 5 அடி உயரம், ஒன்பது அங்குலக் கனம். பின்பக்கம் 16 அடி மட்டும் சாய்ந்திருக்கிறது. கொத்தனார் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், அடிக்கும் உச்சிக்கும் 3 அங்குலம் வித்தியாசம். இவ்வளவு சாய்ந்த ஒன்பது அங்குலச் சுவர் பூச்சு வேலையில் நிமிராது. அந்த 16 அடியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். மேற்கு வீட்டுக்காரர் மழைத்தண்ணீர் தேங்குகிறதென்று தன் பின்கட்டில் 2 அடி மண் நிரப்பியிருக்கிறார். சுவர் மண்ணுக்கு எதிர்ப்பக்கம், கிழக்கே சாய்கிறது. கிழக்குப் பக்கம் சரியாக அந்த 2 அடி உயரம் வரை பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. வேலி போல நிற்கக் கட்டிய சுவர் ஈரமண்ணின் பாரத்தைத் தாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். இதைக் கவனிக்காமல் பழையபடியே கட்டினால் புதுச்சுவரும் சாயும்.

இதைக் குற்றச்சாட்டாக எழுதினால் கடிதம் அங்கேயே செத்துவிடும். வேலையை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே யார் பொறுப்பு என்று எழுதினால் காரணம் தானாகவே அதில் வந்துவிடும். இருந்தது இருந்தபடி திரும்ப எழும்ப ஆகும் செலவு இருவருக்கும் பொது. ஒருவருடைய தேவைக்காகக் கூடுவது அவருடையது. எழுதுகிறவர் தன் பங்குக்கும் ஒன்றை ஏற்றுக்கொண்டால் கணக்கு நியாயமாகத் தெரியும். நம் கிழக்கு வீட்டுக்காரரின் வண்டி ஷெட் தகரம் அந்தச் சுவரில்தான் ஊன்றியிருக்கிறது. அதைக் கழற்றி மாட்டும் செலவு அவருடையதுதானே. கடிதம் இப்படி இருக்கலாம்:

*அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம்.*

*நம் நடுச்சுவர் பின்பக்கம் 16 அடி நீளத்துக்கு 3 அங்குலம் சாய்ந்திருக்கிறது. கொத்தனார் பார்த்துவிட்டு, அவ்வளவையும் பிரித்துக் கட்ட வேண்டும் என்கிறார். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவதால் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன். அவர் தந்த மதிப்பீட்டின் நகலும் போட்டோக்களும் இத்துடன் இருக்கின்றன.*

*பழைய சுவரைப் பிரித்து இடிபாட்டை அப்புறப்படுத்தி, அதே உயரத்துக்கு ஒன்பது அங்குலச் சுவர் கட்ட 40,000 ரூபாய். இது நம் இருவருக்கும் பொது; ஆளுக்கு 20,000.*

*உங்கள் பக்கம் மண் 2 அடி உயரம் என்பதால், அடியில் அந்த 2 அடியை மட்டும் பதிமூன்றரை அங்குலக் கனமாகக் கட்டி, சுவரை ஒட்டி ஜல்லி போட்டு, தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போக ஓட்டைக் குழாய் பதிக்க வேண்டும் என்கிறார். கூடுதல் கனம் உங்கள் பக்கம் மண்ணுக்குள் மறைந்துவிடும். இதற்கு 9,000 ரூபாய். இதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.*

*என் ஷெட் தகரத்தைக் கழற்றி மாட்ட 4,000 ரூபாய். அது என் செலவு. பூச்சும் வெள்ளையும் அவரவர் பக்கம் அவரவர் செய்துகொள்வோம். ஆக உங்கள் பங்கு 29,000, என் பங்கு 24,000. பழைய செங்கலில் நல்லதைத் திரும்பப் பயன்படுத்தினால் குறையும் தொகையைப் பொதுச்செலவில் கழித்துக்கொள்ளலாம்.*

*புதுச்சுவர் பழைய அஸ்திவாரக் கோட்டிலேயே எழும்பும். இந்த வேலையாலும் இந்தக் கடிதத்தாலும் நம் எல்லையோ உரிமையோ எதுவும் மாறாது. வானம் தோண்டும்போது கூடுதல் செலவு தெரிந்தால், வேலையை நிறுத்தி இருவரும் பேசிய பிறகே தொடரச் சொல்லலாம்.*

*நீங்களும் உங்களுக்குத் தெரிந்த கொத்தனாரை அழைத்துவந்து காட்டுங்கள். அவர் குறைவாகச் சொன்னால் அவரையே வைத்துக்கொள்வோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வருகிறேன். மதினியிடமும் கலந்து சொல்லுங்கள்.*

இந்தக் கடிதத்தில் எல்லை மாறாது என்ற வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பணம் தர மனமிருந்தும் பலர் கையெழுத்துப் போடத் தயங்குவது, அதைக் காட்டி நாளைக்கு இடத்தைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தால்தான். சுவரைப் பிரிக்கும் முன் இரு முனையிலும் நிற்கப்போகும் பழைய சுவரில் கோட்டைப் பெயிண்டால் குறித்து, நூல் கட்டி, இருவரும் நிற்கப் போட்டோ எடுத்துவிட வேண்டும்.

9,000 ரூபாயில்தான் அண்ணாச்சி மறுப்பார். “மண்ணை எங்க அப்பா காலத்துலயே போட்டாச்சே, இப்ப எதுக்கு என் தலையில?” என்பார். அந்த ஒரு இனத்தை மட்டும் பாதியாக்கலாம் என்று முன்கூட்டியே மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். வித்தியாசம் 4,500 ரூபாய்தான். ஆனால் ஜல்லியையும் குழாயையும் வேண்டாமென்று விட்டுக்கொடுக்கக் கூடாது. சுவரில் ஓட்டை விட்டால் போதும் என்று சில கொத்தனார்கள் சுலபவழி சொல்வார்கள். அப்படி விட்டால் அண்ணாச்சி வீட்டுத் தண்ணீர் முழுக்க உங்கள் முற்றத்தில் இறங்கும்.

பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால் கடிதம் வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். பாகம் பிரிக்காத சொத்தென்றால் பங்காளிகள் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். பதிலே வராவிட்டாலும் பொதுச்சுவரைத் தன்னிச்சையாக இடித்துவிடாதீர்கள். விழும் நிலையில் இருந்தால் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுத்தில் தெரிவித்து, ரசீது வாங்கி, உங்கள் பக்கம் முட்டுக் கொடுத்து வையுங்கள். ஒப்புதல் வந்தால் இரண்டு நகலிலும் இருவரும் கையெழுத்துப் போட்டு, வேலை முடிந்ததும் கொத்தனாரின் ரசீதையும் சேர்த்து ஆளுக்கொன்றைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நாளை இரண்டில் ஒரு வீடு கைமாறினாலும், சுவர் யாருடையது என்று வாங்க வருகிறவர் கேட்கும்போது காட்ட அது இருக்கும்.