‘எனக்கு வேண்டாம், ஆனால் ஒருவரைச் சொல்கிறேன்’

1993 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற லூ கெர்ஸ்ட்னர், முதலில் அந்த வேலை தனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆள் தேட ஐ.பி.எம். அமர்த்தியிருந்தது ஒன்றல்ல, இரண்டு பெரிய நிறுவனங்களை. அவர் மறுத்தது யாரையும் புண்படுத்தவில்லை. சில வாரங்களில் மறுபடியும் அவரிடமே வந்தார்கள். உயர்பதவிக்கு ஆள் தேடுபவர்களுக்கு மறுப்பு அன்றாடம் கேட்டுப் பழகிய பதில். மறுத்தபின் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள்: “சரி, வேறு யாராவது உங்களுக்குத் தோன்றுகிறார்களா?”

கேள்வி சாதாரணமாக வந்து விழும். ஆனால் பல நேரங்களில் அழைப்பே அதற்காகத்தான். இந்தத் தேடல் நிறுவனங்களுக்குச் சம்பளம் தருவது ஆள் கேட்கும் கம்பெனி. வழக்கமாக, அந்தப் பதவியின் முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டணம். அதன் ஒரு பகுதி தேடல் தொடங்கும்போதே கைக்கு வந்துவிடும். ஆகவே அந்தத் துறையில் யார் எப்படி என்று விசாரிப்பதும் அவர்கள் வேலையில் பாதி. யாரிடம் என்ன பேசினோம், அவர் யாரைச் சொன்னார் என்பதெல்லாம் அவர்களுடைய பதிவேட்டில் ஏறும். சொன்ன பெயர் எப்படிப்பட்டது என்பதை வைத்து, சொன்னவரையும் எடைபோடுவார்கள்.

சென்னையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் நிதித் தலைவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். புனேயில் ஒரு கம்பெனிக்கு சி.எஃப்.ஓ. தேவை என்று போன் வருகிறது. மகள் பிளஸ் டூ; ஊர் மாற முடியாது. அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மறுப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்பது: “இந்தத் தேடல் வெளியே தெரிந்ததா, ரகசியமா?” பதவியில் இப்போது இருப்பவருக்கே தெரியாமல் நடக்கும் தேடல்களும் உண்டு. அப்படியிருந்தால் கம்பெனியின் பெயரை நண்பரிடம் சொல்வதே தவறு.

பிறகு மறுப்பு. இதை இழுக்கக் கூடாது. ஓரிரு நாளில் சொல்லிவிட வேண்டும். “யோசிக்கிறேன் சார்” என்று மூன்று வாரம் காக்க வைத்து, நேர்காணலுக்கும் போய்விட்டுப் பின்வாங்குவதுதான் பெயரைக் கெடுக்கும். காரணம் ஒன்று போதும், உண்மையானதாக இருந்தால் சரி. அதோடு எது வந்தால் யோசிப்பார் என்பதையும் சேர்த்துவிடலாம்: “இன்னும் இரண்டு வருடம் சென்னையை விட்டு நகர முடியாது. இங்கேயே இதுபோல ஒன்று வந்தால் கட்டாயம் கூப்பிடுங்கள்.” ஆலோசகர் குறித்துக்கொள்ளப்போவது இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

இனி நண்பரின் பெயர். அந்த போனிலேயே பெயரையும் நம்பரையும் கொடுத்துவிடுவது பெரும்பாலோர் செய்யும் அவசரம். “ஒருவர் இருக்கிறார், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்று நிறுத்திக்கொள்வதே முறை. நண்பர் ஒருவேளை தன் கம்பெனியிலேயே பதவி உயர்வுக்குக் காத்திருக்கலாம். வேலை தேடுகிறார் என்ற பேச்சு கிளம்பினாலே அவருக்கு நஷ்டம். அவரிடம் பேசும்போது ஒளிவுமறைவும் வேண்டாம்: “என்னைத்தான் முதலில் கேட்டார்கள். ஊர் மாற முடியாததால் விட்டுவிட்டேன். உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றியது. பெயரைக் கொடுக்கட்டுமா?” பிறகு ஆலோசகர் வாயால் தெரிந்தால், வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்று நண்பர் நினைக்க இடமுண்டு.

நண்பர் சம்மதித்தபின் ஆலோசகருக்கு அனுப்பும் செய்தி நாலு வரி இருந்தால் போதும்: “முந்தைய கம்பெனியில் மூன்று வருடம் என்னோடு வேலை செய்தார். வங்கிக் கடனை மறுசீரமைத்த வேலையை அவர் நடத்தியதை நேரில் பார்த்தேன். முதலீட்டாளர்களோடு எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் நண்பர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.” தெரியாததைத் தெரியாது என்று சொன்னால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். “பிரமாதமான மனிதர்” என்ற சான்றிதழை ஆலோசகர்கள் தினமும் கேட்கிறார்கள். அதனால் அவர்களுக்குப் பயனில்லை.

தன் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவரைச் சொல்வது வேறு விவகாரம். தனக்குக் கீழிருப்பவரை வெளியே அனுப்பிவைப்பது சம்பளம் தரும் கம்பெனிக்குச் செய்யும் துரோகமாகவே பார்க்கப்படும். வேலையை விட்ட பிறகும் பழைய சகாக்களை இழுக்கக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும். அதைப் படிக்காமல் வாய் திறக்கக் கூடாது. பொருத்தமானவர் யாரும் நினைவுக்கு வராவிட்டால், இல்லை என்று சொல்வதில் தப்பே இல்லை. பேருக்கு மூன்று பெயரை அடுக்கிவிட்டால், அடுத்த முறை அந்த ஆலோசகர் கூப்பிட மாட்டார்.

பெயரைக் கொடுத்ததோடு ஒதுங்கிவிட வேண்டும். என்ன ஆயிற்று என்று ஆலோசகரிடம் கேட்டால் பதில் வராது. அவர் ரகசியம் காக்க வேண்டியது கம்பெனிக்கும் நண்பருக்கும். தேர்வானாரா இல்லையா என்பதை நண்பரே சொன்னால்தான் உண்டு.