55 கோடி வரிகளுக்கு ஒரு ரிப்போர்ட்

ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு 120 கடைகள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு நாளொன்றுக்கு 700 பில், பில்லுக்குச் சராசரியாக 6 பொருள். ஒவ்வொரு பொருளும் டேட்டாபேஸில் ஒரு வரி. அப்படியானால் ஒரு நாளைக்கு 5 லட்சம் வரி, மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கோடி. இதை வைத்துப் பவர் பிஐ மென்பொருளில் ஒரு விற்பனை ரிப்போர்ட் தயாரிக்க உட்கார்ந்தால், டேட்டாபேஸோடு இணைக்கும்போதே அது கேட்டுவிடும்: Import வேண்டுமா, DirectQuery வேண்டுமா?

“இவ்வளவு டேட்டாவை எப்படி இழுக்கிறது? பேசாம லைவ் கனெக்‌ஷன் போட்டுடலாம்” என்பதுதான் பல அலுவலகங்களில் எடுக்கப்படும் முடிவு. டேட்டா பெரிது என்ற ஒரே காரணத்துக்காக லைவ் போடுவது பெரும்பாலும் தப்பு என்பது என் கட்சி.

Import என்றால் டேட்டாவின் நகல் ஒன்று எடுக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, ரிப்போர்ட்டின் நினைவகத்தில் வைக்கப்படுகிறது. நாளைக்குச் சில முறை அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ப்ரோ உரிமத்தில் 8 முறை. பார்ப்பவர் எத்தனை முறை கிளிக் செய்தாலும் டேட்டாபேஸுக்கு அது தெரியவே தெரியாது. DirectQuery-யில் நகல் கிடையாது. திரையில் உள்ள ஒவ்வொரு வரைபடமும் தனக்கு வேண்டியதைக் கேட்டுக் குறைந்தது ஒரு கேள்வியை டேட்டாபேஸுக்கு அனுப்பும். பக்கத்தில் 10 வரைபடம் இருந்து, திங்கட்கிழமை காலை 40 ஏரியா மேனேஜர்கள் அதைத் திறந்தால் 400 கேள்விகள். ஒருவர் மாவட்டத்தை மாற்றினால் இன்னும் 10. ஒவ்வொன்றும் 55 கோடி வரிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டியது. அதே சர்வரில்தான் பில்லிங்கும் ஓடுகிறது என்றால், மேனேஜர் ரிப்போர்ட் பார்க்கும் நேரத்தில் கவுண்டரில் பில் போடுவது மெதுவாகும். டேட்டா பெருக்கப் பெருக்க லைவ் இணைப்பின் சுமையும் கூடவே ஏறுகிறது.

வலை வழியாகப் பார்க்கும்போது ஒரு கேள்விக்கு 225 விநாடிக்குள் பதில் வராவிட்டால் வரைபடத்தின் இடத்தில் பிழைச் செய்திதான் இருக்கும். எங்கே நேரம் போகிறது என்று பார்க்க, தயாரிக்கும் திரையிலேயே Performance Analyzer இருக்கிறது. அதை ஓடவிட்டு ஒரு வரைபடத்தை விரித்தால், Direct query என்ற வரிக்கு எதிரே எத்தனை மில்லிவிநாடி என்று காட்டும். நேரமெல்லாம் அந்த வரியில் இருந்தால், வண்ணத்தையும் வரைபடத்தையும் மாற்றிப் பயனில்லை. டேட்டாபேஸ்தான் திணறுகிறது.

சரி, 55 கோடியை எப்படி உள்ளே கொண்டுவருவது? ப்ரோ உரிமத்தில் ஒரு மாடல் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியது பில் நேரம் இருக்கும் பத்தியை. பவர் பிஐ ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகச் சுருக்குகிறது; ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் நன்றாகச் சுருங்கும், வெவ்வேறாக இருந்தால் சுருங்காது. தேதியும் விநாடி வரையிலான நேரமும் ஒரே பத்தியில் இருந்தால், கடை 14 மணி நேரம் திறந்திருக்கும் கணக்கில் மூன்று ஆண்டில் 5.5 கோடி வெவ்வேறு மதிப்புகள் வரலாம். தேதியைத் தனியாகவும் நேரத்தை நிமிடமாகவும் பிரித்தால் முதலாவதில் 1,095 மதிப்பு, இரண்டாவதில் 840. தகவலில் இழந்தது விநாடி மட்டும்தான். விநாடிக் கணக்கில் விற்பனை பார்க்கும் மேனேஜரை நான் கண்டதில்லை. பில் எண்ணும் இதே ரகம், ரிப்போர்ட்டுக்குத் தேவையில்லை என்றால் கொண்டுவரவே வேண்டாம்.

இதற்குப் பிறகும் பெரிதாக இருந்தால் வரிகளைத் தொகுக்க வேண்டும். மேனேஜர்கள் பார்ப்பது நாள், கடை, பொருள் வகை என்ற மூன்றுதான் என்றால், டேட்டாபேஸிலேயே இப்படிக் கூட்டி எடுக்கலாம்:

```sql
SELECT BillDate, ShopId, CategoryId,
       SUM(Amount) AS Amount,
       SUM(Qty) AS Qty
FROM SalesLine
GROUP BY BillDate, ShopId, CategoryId
```

பொருள் வகை 60 என்றால் 120 கடை, 1,095 நாளுக்கு அதிகபட்சம் 79 லட்சம் வரிதான். இது உள்ளே வருவதில் ஒரு சிரமமும் இல்லை. வகைக்குப் பதிலாகத் தனித்தனிப் பொருளாகத் தொகுத்தால் இந்த லாபம் கிடைக்காது. ஒரு கடையில் ஒரு நாளில் 1,200 விதப் பொருள் விற்றாலே கிட்டத்தட்ட 16 கோடி வரி ஆகிவிடும். எந்த மட்டத்தில் தொகுக்கிறோம் என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது.

இந்தத் தொகுப்பில் ஒரு பொறி உண்டு. தொகையையும் எண்ணிக்கையையும் எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம், பில்களின் எண்ணிக்கையை அப்படிக் கூட்ட முடியாது. அரிசி, சோப்பு, பிஸ்கட் மூன்றும் இருக்கும் ஒரே பில், மூன்று வகையிலும் ஒவ்வொன்றாக எண்ணப்படும். கூட்டினால் 3 பில். சராசரி பில் தொகை அடியோடு குறைந்துபோகும், பார்ப்பவருக்கோ வியாபாரம் படுத்துவிட்டதுபோலத் தோன்றும். இதற்கு நாள், கடை மட்டத்தில் பில் எண்ணிக்கைக்கென்றே இன்னொரு சின்ன அட்டவணை போட வேண்டும்; மொத்தமே 1,31,400 வரி. ஒரு பில் ஒரு கடையில் ஒரு நாளில்தான் விழும் என்பதால் இதைத் தைரியமாகக் கூட்டலாம். வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு இந்த வழியும் செல்லாது. ஒரே ஆள் பத்து நாள் வருவார்.

இந்தச் சின்ன அட்டவணைகளைத் தினமும் முழுதாகவே புதுப்பிக்கலாம். தொகுக்காத வரிகளையே கொண்டுவந்தவர்கள், கடைசி 10 நாளை மட்டும் புதுப்பிக்கும்படி அமைக்கலாம். அதற்கு RangeStart, RangeEnd என்ற இரண்டு பெயர்களில் தேதி எல்லையைக் கொடுக்க வேண்டும். ஆனால் 15 நாள் கழித்துத் திரும்பி வந்த சரக்கைப் பழைய பில் தேதியிலேயே திருத்தும் வழக்கம் இருந்தால், அந்தத் திருத்தம் ரிப்போர்ட்டுக்கு வரவே வராது. கணக்குப் பிரிவில் இதை முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது.

லைவ் எங்கே தேவை? இரண்டு இடத்தில். இன்றைய விற்பனையைப் பார்த்துச் சரக்கு அனுப்புபவருக்கு நேற்றைய நகல் உதவாது. அவருக்கென்று ஒரு தனிப் பக்கம், இன்றைய தேதி மட்டும், இரண்டே வரைபடம். தேதிக்கு இண்டெக்ஸ் இருந்தால் டேட்டாபேஸ் அந்த நாளின் வரிகளை மட்டும் எடுத்துவிடும். அடுத்தது, ஒரு தொகையில் சந்தேகம் வந்து பில் பில்லாகப் பார்க்க விரும்புபவர். மேலே தொகுப்பு Import-ஆகவும், கீழே விவரம் DirectQuery-யாகவும் ஒரே மாடலில் இருக்கலாம். கடை, தேதி, வகை அட்டவணைகளை Dual என்று வைத்தால் அவை இரண்டு பக்கமும் பேசும். பில் பட்டியலைக் கடையும் நாளும் தேர்ந்தெடுத்த பிறகே காட்டும்படி அமையுங்கள். டேட்டாபேஸிலிருந்து ஒரே கேள்விக்கு 10 லட்சம் வரிக்கு மேல் திரும்பி வந்தால் பவர் பிஐ நிறுத்திவிடும்.

இந்தக் கலவையில் அடிக்கடி வரும் புகார், மேலும் கீழும் தொகை பொருந்தவில்லை என்பது. தொகுப்பு அதிகாலை 5 மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது. காலை 11 மணிக்கு ஒருவர் இந்த மாத மொத்தத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால், பில் பட்டியலில் இன்று காலை விற்றதும் சேர்ந்திருக்கும். இரண்டுமே சரிதான், ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. விவரப் பட்டியலை நேற்றோடு வெட்டிவிடுங்கள், பக்கத்தின் தலைப்பிலேயே கடைசியாகப் புதுப்பித்த தேதியையும் நேரத்தையும் போடுங்கள். நேற்றைய பில் ஒன்று இன்று ரத்தாகி அதனால் வரும் சிறு வித்தியாசம் மட்டும் அடுத்த நாள் காலை 5 மணி வரை இருக்கும்.